செக்சமா, கையொப்பமா, ரவுட்டரே செய்யும் சோதனையா: ஓபன்டபிள்யூஆர்டி ஃபார்ம்வேரை ஃபிளாஷ் செய்வதற்கு முன்

ரவுட்டரில் தயாரிப்பாளரின் ஃபார்ம்வேருக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ஃபார்ம்வேரைப் போடுகிறவர்கள் இறக்கிய கோப்பைச் சோதிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. SHA-256 செக்சமை ஒப்பிடலாம், ஜிபிஜி கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், இல்லையென்றால் ரவுட்டரிலேயே இருக்கும் மேம்படுத்தல் கட்டளையான `sysupgrade` செய்யும் சோதனையை நம்பி விட்டுவிடலாம். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றும் பதில் சொல்வது மூன்று வேறு கேள்விகளுக்கு.

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, ஐந்தாம் பதிப்பு ரவுட்டரையே எடுத்துக்கொள்வோம். 23.05.5 வெளியீட்டின் `targets/ath79/generic` அடைவில் ஃபார்ம்வேர் கோப்புகளோடு `sha256sums`, `sha256sums.asc` என்ற இரண்டு சின்னக் கோப்புகளும் இருக்கும். முதலாவது, அந்த அடைவில் உள்ள கோப்புகளின் செக்சம் மதிப்புகளின், அதாவது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட ஹேஷ்களின், பட்டியல். இரண்டாவது, அந்தப் பட்டியலுக்குப் போட்ட கையொப்பம். கையொப்பம் `.bin` கோப்புக்கு நேரடியாகப் போடப்படவில்லை, பட்டியலுக்குத்தான் போடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

செக்சமை ஒப்பிடுவதிலேயே இரண்டு விதம் உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரை உலாவியில் நிர்வகிக்கும் லூசி பக்கத்தில் கோப்பை ஏற்றியதும், ஃபிளாஷ் தொடங்கும் முன் அளவையும் SHA256 மதிப்பையும் காட்டும். பெரும்பாலானோர் அதில் முதல் நான்கு எழுத்து, கடைசி நான்கு எழுத்து பார்த்துவிட்டு தொடர்கிறார்கள். தற்செயலாகக் கோப்பு சிதைந்திருந்தால் இந்தப் பார்வையே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரிடம் இது செல்லாது. ஹேஷில் ஓர் எழுத்து நான்கு பிட், எட்டு எழுத்து என்பது 32 பிட். ஏறக்குறைய 430 கோடி முயற்சியில் அந்த எட்டும் பொருந்துகிற போலிக் கோப்பைச் செய்துவிடலாம், சாதாரணக் கணினிக்கே அது பெரிய வேலை இல்லை. 2024 டிசம்பரில் கேட்கிறவருக்கேற்ப ஃபார்ம்வேரைத் தயாரித்துத் தரும் ஓபன்டபிள்யூஆர்டியின் மேம்படுத்தல் சேவையில் வெளிப்பட்ட ஓட்டை, CVE-2024-54143, இதே ரகம்தான். பில்டு கோரிக்கைகளை அடையாளம் காண அந்தச் சேவை SHA-256 ஹேஷின் 64 எழுத்தில் 12-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. அது போதாது என்பதை ஓர் ஆய்வாளர் செய்தே காட்டினார்.

அதனால் ஒப்பிடும் வேலையைக் கணினியிடமே விடுவது நல்லது:

```
sha256sum -c --ignore-missing sha256sums
```

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் `OK` வந்தால் 64 எழுத்தும் பொருந்திவிட்டன. விண்டோஸில் `certutil -hashfile கோப்பின்பெயர் SHA256` கட்டளை ஹேஷைக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஒப்பிடுவதை மட்டும் நீங்கள்தான் செய்யவேண்டும், முழு வரியையும் தேடல் பெட்டியில் ஒட்டிப் பட்டியலில் தேடுங்கள்.

சரி, `FAILED` என்று வந்தால்? பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும், ஆனால் எது என்று தெரியாமல் தாண்டக்கூடாது. முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். தளத்தில் காட்டும் அளவைவிடக் குறைவு என்றால் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. சில கேபி மட்டும் இருந்தால் அது ஃபார்ம்வேரே இல்லை. விடுதி வைஃபையின் லாகின் பக்கமோ, ஏதோ ஒரு பிழைப் பக்கமோ `.bin` என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் `<html>` தெரியும். எக்ஸ்86 கணினிகளுக்கான `.img.gz` கோப்புகளைச் சில உலாவிகள் தாமாகவே விரித்துவிடும். அப்போது உள்ளடக்கம் சரியாக இருந்தாலும் ஹேஷ் பொருந்தாது, ஏனென்றால் பட்டியலில் இருப்பது சுருக்கிய கோப்பின் ஹேஷ். ஸ்னாப்ஷாட் எனப்படும் சோதனை நிலை பில்டுகள் அடிக்கடி மாறுவதால், நேற்று இறக்கிய கோப்பும் இன்று இறக்கிய பட்டியலும் பொருந்தாமல் போவது இயல்பு.

`no file was verified` என்று வருவது வேறு சங்கதி. அது பொருத்தமின்மை இல்லை, எதையும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம். கோப்பின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது உலாவி பெயரின் பின்னால் `(1)` சேர்த்திருக்கும். பட்டியலில் உள்ள பெயரையே திரும்பக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

அளவு அச்சாக அதேதான், பதிப்பும் அதேதான், ஆனாலும் ஹேஷ் மட்டும் பொருந்தவில்லை என்றால் அதுதான் கவலைப்படவேண்டிய நிலை. வேறு இணைய இணைப்பில், முடிந்தால் வேறு கணினியில் மறுபடி இறக்குங்கள். இரண்டு முறையும் தவறான ஹேஷ் ஒன்றேபோல் வந்தால் அது தற்செயலான சிதைவு இல்லை. அந்த இடத்தில் இருக்கும் கோப்பே வேறு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஹேஷ் வந்தால் உங்கள் ராம், டிஸ்க், இணைப்பு ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

செக்சம் இங்கேயே நின்றுவிடுகிறது. கோப்பை மாற்றிவைக்க முடிந்தவருக்கு, அதே அடைவில் இருக்கும் பட்டியலையும் மாற்றிவைக்க முடியும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே அடுத்தவர் கையில் இருக்கும்போது, அதே தளத்தில் இருக்கும் ஹேஷை எப்படி நம்புவது? அந்தக் கேள்விக்குத்தான் கையொப்பம்:

```
gpg --verify sha256sums.asc sha256sums
```

இதற்கு மூன்று விதமான பதில் வரும், மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். `No public key` என்றால் கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான திறவுகோல் உங்களிடம் இல்லை, சோதனை நடக்கவே இல்லை. ஓபன்டபிள்யூஆர்டியில் ஒவ்வொரு வெளியீட்டு வரிசைக்கும் தனித் திறவுகோல் என்பதால், பழையது இருந்தாலும் புதிய வரிசைக்கு இப்படி வரும். `Good signature` என்று வந்து, கூடவே திறவுகோல் நம்பகச் சான்று பெறவில்லை என்ற எச்சரிக்கையும் வந்தால் பதற வேண்டாம். கணிதம் பொருந்திவிட்டது, ஆனால் அந்தத் திறவுகோல் உண்மையில் யாருடையது என்று ஜிபிஜிக்குத் தெரியாது. திரையில் வரும் அந்தத் திறவுகோலின் கைரேகையை, திட்டத்தின் விக்கியில் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு நீங்கள் முழுதாக ஒப்பிட வேண்டும். `BAD signature` வந்தால் பட்டியல் மாறியிருக்கிறது. எடிட்டரில் திறந்து சேமித்ததில் ஒரு வரிமுறிவு மாறியிருந்தாலும் இப்படி வரும், ஆகவே இரண்டு கோப்பையும் புதிதாக இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் அங்கிருந்து எதையும் ஃபிளாஷ் செய்யாதீர்கள்.

கையொப்பம் சரியாக இருந்தும் `sha256sum` ஓட்டாமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பட்டியல் உண்மையானது என்று தெரிந்துவிட்டது, உங்களிடம் உள்ள `.bin` அந்தப் பட்டியலில் உள்ளதுதானா என்று இன்னும் தெரியவில்லை. ஓபன்டபிள்யூஆர்டியில் தொகுப்புகளை நிறுவும் ஓப்கேஜி நிரலில் 2020-இல் சரிசெய்யப்பட்ட ஓட்டை, CVE-2020-7982, இதேதான். தொகுப்புப் பட்டியலின் கையொப்பத்தைச் சோதித்த அந்த நிரல், ஹேஷுக்கு முன்னால் ஓர் இடைவெளி வந்தால் தொகுப்பின் ஹேஷைச் சோதிக்காமலே விட்டுவிட்டது.

மூன்றாவதாக ரவுட்டரின் சொந்தச் சோதனை. `sysupgrade` கோப்பின் இறுதியில் உள்ள மெட்டாடேட்டாவைப் படித்து, இந்த மாடலுக்கான ஃபார்ம்வேர்தானா என்று பார்க்கிறது. இல்லையென்றால் `not supported by this image` என்று மறுத்துவிடும். ஐந்தாம் பதிப்பு ரவுட்டரில் இரண்டாம் பதிப்பின் கோப்பைப் போடுவதை இது தடுக்கும். மற்ற இரண்டு வழிகளாலும் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் தவறான மாடலின் கோப்புக்கும் ஹேஷ் சரியாகவே இருக்கும். ஆனால் கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதை வழக்கமான அமைப்பில் `sysupgrade` கட்டாயமாகக் கேட்பதில்லை. இந்த மறுப்பை `-F` போட்டுத் தாண்டுவதை, அந்த மாடலின் வெளியீட்டுக் குறிப்பே சொன்னால் ஒழியச் செய்யாதீர்கள்.

என் தேர்வு இது. ஏற்கெனவே ஓபன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரில், ஒரே வரிசைக்குள் மேம்படுத்தும்போது கையொப்பம், `sha256sum -c` இரண்டையும் கணினியில் ஓட்டிவிட்டு, லூசி காட்டும் ஹேஷைக் கடைசியாக ஒருமுறை பார்த்தால் போதும். அந்தக் கடைசிப் பார்வை, கணினியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வழியில் கோப்பு கெட்டதா என்பதற்கு. முதல்முறையாக `factory.bin` போடும்போது நிலைமை வேறு. அங்கே கோப்பைப் பார்ப்பது தயாரிப்பாளரின் பழைய ஃபார்ம்வேர், `sysupgrade` காவலுக்கு இல்லை, லூசியும் இல்லை. பெயரில் உள்ள மாடலையும் பதிப்பு எண்ணையும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளோடு நீங்களே ஒப்பிட்டாக வேண்டும். இயங்காமல் போன ரவுட்டரை டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக மீட்கும்போதும் இதே கதைதான்.