300 டிபிஐ ஆக்கித் தருகிறோம் என்றார்கள். 4,500 ரூபாய் போய்விட்டது

நேற்று முன்தினம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்குக் குங்குமம் வைக்கக் கிட்டே போன பெரியம்மா, கை அப்படியே நிற்க, “மூக்குத்தி எங்கேடா? முகமே கலங்கிக் கிடக்கிறதே” என்றார். அம்மா நாற்பது வருடம் கழற்றாமல் போட்டிருந்த மூக்குத்தி அந்தப் படத்தில் ஒரு வெளிறிய கறை. கண் இமைகள் இல்லை, மை தீட்டிய மாதிரி ஒரு கோடுதான். இந்தப் படத்துக்கு நான் கொடுத்தது 4,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. பெரிய கண்ணாடிக் கதவு, வாசலில் பேனர் மாதிரிகள், உள்ளே நான்கு கணினிகள் என்று எந்த ஊரிலும் இருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடைதான்.

என்னிடம் இருந்தது அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். திண்ணையில் அம்மா, அக்கா, அக்கா மகள் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவை மட்டும் வெட்டியெடுத்து 18க்கு 24 அங்குலத்தில் ஃபிரேம் போட வேண்டும் என்றேன். கணினியில் இருந்த தம்பி வெட்டினார். திரையில் அம்மா பளிச்சென்று சிரித்தார். “படம் 72 டிபிஐதான் சார் இருக்கிறது, அப்படியே போட்டால் உடைந்துவிடும். 300 டிபிஐ ஆக்கித் தருகிறோம், அதற்குத் தனியாக 600 ரூபாய். ஃபிரேமோடு பிரிண்ட் 3,900. மொத்தம் 4,500” என்றார். நான் தலையாட்டினேன். இவ்வளவு அக்கறையாக, படம் உடைந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்கிறாரே என்று நம்பினேன். பணத்தை அங்கேயே முழுதாகக் கொடுத்தேன்.

அந்த 600 ரூபாய் வேலை என் கண் முன்னால்தான் நடந்தது. போட்டோஷாப்பில் Image Size என்ற பெட்டியைத் திறந்தார். Resample என்ற கட்டத்தில் டிக் இல்லை. Resolution என்ற இடத்தில் 72ஐ அழித்து 300 என்று அடித்தார். பத்து நொடி. அப்போது அந்தப் பெட்டியில் இன்னொன்றும் மாறியது. அகலம் 6.25 அங்குலமாக இருந்தது 1.5 அங்குலமாகச் சுருங்கியது, உயரம் 8.33 அங்குலத்திலிருந்து 2 அங்குலத்துக்கு இறங்கியது. மேலே பிக்சல் கணக்கு மட்டும் 450க்கு 600 என்று அசையாமல் இருந்தது. முழு உண்மையும் திரையில் எழுதியிருந்தது. எனக்குத்தான் அன்று படிக்கத் தெரியவில்லை. இப்போது தெரியும், சொல்கிறேன்.

படம் என்பது பிக்சல்கள், அதாவது சின்னச் சின்ன நிறப் புள்ளிகள்தான். அம்மாவின் படத்தில் குறுக்கே 450, நெடுக்கே 600. அவ்வளவுதான் சரக்கு. டிபிஐ என்பது அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பு: “தாளில் ஓர் அங்குலத்துக்குள் என்னுடைய பிக்சல்களில் எத்தனையை அடுக்க வேண்டும்.” 72 என்றால் 450 பிக்சல் 6.25 அங்குலம் வரை நீளும். 300 என்றால் அதே 450 பிக்சல் ஒன்றரை அங்குலத்துக்குள் நெருக்கமாக நிற்கும். அரைப்படி அரிசியைப் பெரிய தாம்பாளத்தில் பரப்பினாலும் சின்னக் கிண்ணத்தில் குவித்தாலும் அரைப்படிதான். குறிப்பில் எண்ணை மாற்றியதால் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. ஆக 300 டிபிஐ தரத்தில் அந்தப் படத்தை அச்சிட்டால் கிடைப்பது ஒன்றரைக்கு இரண்டு அங்குலம், பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நான் கேட்டதோ 18க்கு 24.

அப்படியென்றால் பெரிய படம் எப்படி அச்சாகி வந்தது? 18க்கு 24 அங்குலப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்தச் சின்னப் படத்தை அதில் வைத்து, மூலையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். இழுத்த அந்த நொடியில் 300 என்ற குறிப்புக்கு மதிப்பு போய்விட்டது. 450 பிக்சலை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 25தான். ஒவ்வொரு பிக்சலும் தாளில் 1 மில்லிமீட்டர் அகலம். அம்மாவின் மூக்குத்தி அந்தக் கோப்பில் ஏழு பிக்சல் அகலம். ஏழு புள்ளியில் என்ன கல் தெரியும், என்ன தங்கம் தெரியும்? பிரிண்டர் மென்பொருள் அந்த ஏழையும் இழைத்துக் கலந்து, ஏழு மில்லிமீட்டர் கறையாக அச்சடித்துவிட்டது.

திரையில் ஏன் பளிச்சென்று இருந்தது என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மானிட்டர் டிபிஐ குறிப்பைப் பார்ப்பதே இல்லை. 100 சதவீத அளவில் திறந்தால் படத்தின் ஒரு பிக்சலுக்குத் தன்னுடைய ஒரு பிக்சலைக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கடையின் திரையில் அம்மாவின் படம் ஏறத்தாழ ஆறு அங்குல உயரத்தில் நின்றது. அந்த ஆறு அங்குலத் தெளிவைப் பார்த்து 24 அங்குலத்துக்குச் சரி சொல்லிவிட்டேன்.

ஃபிரேம் கைக்கு வந்த அன்றே திரும்பிப் போனேன். “தூரத்தில் நின்று பாருங்கள் சார், இதெல்லாம் பெரிய படம்” என்றார் அதே தம்பி. தூரக் கணக்கு உண்மைதான். ஓர் அடி தள்ளிக் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும். இரண்டரை அடியில் 120 போதும். ஆறு அடியில் 50 போதும். நெடுஞ்சாலைப் பேனர்கள் மிகக் குறைந்த எண்ணில் அச்சாவதும் இதனால்தான். ஆனால் 25க்குப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். எங்கள் கூடமே பத்தடி. மாலை போடவும் விளக்கேற்றவும் கிட்டே போகும் படம் அது.

மறுநாள் போனில் கேட்டால் முதலாளி வெளியூர். அதற்கடுத்த நாள் முதலாளியே இருந்தார். “நீங்கள் கொடுத்த படமே அப்படித்தான், நாங்கள் என்ன செய்வது? எங்கள் வேலை சரியாக இருக்கிறது, பாருங்கள்” என்று கோப்பைத் திறந்து 300 டிபிஐ என்ற எண்ணைக் காட்டினார். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். விண்டோஸில் வலது க்ளிக், Properties, Details. Horizontal resolution என்ற இடத்தில் 300. மூன்று வரி மேலே Dimensions என்ற இடத்தில் 450 x 600. 4,500 ரூபாய்க்கு என்ன நடந்தது என்பது அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. இதைப் போனில் சொன்னேன். “ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னது நீங்கள்தானே” என்று வைத்துவிட்டார்.

வயிறு எரிவது இதற்குப் பிறகுதான். அந்தத் திண்ணைப் படம் மச்சானின் போனில் எடுத்தது. அவரிடம் அசல் இருக்கிறது: 4000க்கு 3000 பிக்சல். வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது 1280க்கு 960. அசலில் அம்மாவை அதே அளவு வெட்டினால் 1406க்கு 1875 பிக்சல் கிடைக்கிறது. அதுவும் 18க்கு 24க்குப் பற்றாது, அங்குலத்துக்கு 78தான் வரும். ஆனால் 12க்கு 16 அங்குலமாகக் குறைத்திருந்தால் 117 வரும். இரண்டரை அடியில் நின்று பார்க்க நன்றாகவே இருக்கும். மூக்குத்திக்கு மட்டும் 22 பிக்சல். நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன், கற்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. “அசல் படம் யாரிடம் இருக்கிறது?” என்று அந்தக் கடையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. 600 ரூபாய்க்கு எண்ணை மாற்றினார்கள்.

டிபிஐ என்ற எண் உண்மையாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, ஸ்கேனர். அங்கே அது வெறும் குறிப்பு இல்லை, தாளின் ஒவ்வோர் அங்குலத்திலும் எத்தனை பிக்சல் எடுக்க வேண்டும் என்ற கட்டளை. ஆல்பத்தில் அம்மாவின் பழைய ஸ்டூடியோ படம் ஒன்று, 4க்கு 6 அங்குலம், இருக்கிறது. 300ல் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 பிக்சல். 600ல் செய்தால் 2400க்கு 3600. இரண்டாவதை 24 அங்குல உயரத்துக்குக் கொண்டுபோனாலும் அங்குலத்துக்கு 150 நிற்கும். பழைய படத்தில் இருக்கும் விவரத்துக்கு மேல் ஸ்கேனரால் எடுக்க முடியாது, அதனால் 1200, 2400 என்று ஏற்றிக்கொண்டே போவதில் பலனில்லை. ஆனாலும் என் கையில் இருந்த வாட்ஸ்அப் படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

Resample டிக் போட்டு, அளவை 18க்கு 24 அங்குலம் என்று கொடுத்து 300 ஆக்கினால் பிக்சல் கூடுமே என்று இன்னொரு கடையில் சொன்னார்கள். கூடும். 450 பிக்சல் 5400 ஆகும், 600 பிக்சல் 7200 ஆகும். அசலான ஒரு பிக்சலுக்கு 143 பிக்சலை மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். ஓரங்கள் வழவழப்பாகும். அம்மாவின் இமை முடி அதில் வராது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: “எத்தனை டிபிஐ” என்று கேட்காதீர்கள், “எத்தனை பிக்சல்” என்று கேளுங்கள். அதை அச்சு அளவின் அங்குலத்தால் நீங்களே வகுத்துப் பாருங்கள். கிட்டே நின்று பார்க்கும் படத்துக்கு நூற்றுக்குக் கீழே வந்தால் அளவைக் குறையுங்கள். படம் எடுத்த போனிலிருந்து அசலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். முழுப் படம் அடிப்பதற்கு முன் முகத்தின் ஒரு துண்டை மட்டும், முழுப் படத்தில் வரப்போகும் அதே அளவில் சின்னத் தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்; முப்பது ரூபாய் ஆகும், 4,500 ரூபாய் ஆகாது. பில்லில் டிபிஐ மாற்றம் என்று தனி வரி வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும், ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு மறுபடி போகிறேன்.