மிளகளவு வில்லைக்குள் ஆயிரம் டிகிரி: கெட்டி ஆக்சைடா, துளை ஆக்சைடா, கார்பைடா, உலோகமா?

எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலைதான் ஈனுலை. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கான எரிபொருள் வில்லையின் விட்டம் சுமார் 5.5 மி.மீ. நல்ல மிளகு ஒன்றின் தடிமன்தான். மையத்திலிருந்து ஓரம் வரை மூன்று மி.மீ. கூட இல்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கும் மேல் இறங்குகிறது. வில்லையின் நடுவில் 1.8 மி.மீ. துளை ஒன்று இருக்கிறது. ஏன் அந்தத் துளை, அதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிடலாம். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு வெப்பம் வெளியிலிருந்து வரும். வில்லையில் அப்படியில்லை, ஒவ்வொரு துளி இடத்திலும் அணுப்பிளவு நடப்பதால் உடம்பு முழுக்க வெப்பம் பிறக்கிறது. வெளியேற ஒரே வழி ஓரம்தான். மையத்தை ஒட்டிய மெல்லிய உருளையில் பிறக்கும் வெப்பம் கொஞ்சம், அதனால் அங்கே வெப்பநிலை ஏறக்குறைய தட்டையாக இருக்கும். வெளியே வர வர, உள்ளே பிறந்த அத்தனை வெப்பமும் சேர்ந்து ஒரே தோல் வழியாகப் போக வேண்டியிருக்கிறது; சரிவு செங்குத்தாகிறது. வரைந்தால் கவிழ்த்த பரவளையம் வரும். மையத்துக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்:

```
ΔT = q' / (4 π k)
```

வில்லைகளை உறைக்குழாயில் அடுக்கியதே எரிபொருள் ஊசி. q' என்பது ஒரு மீட்டர் நீள எரிபொருள் ஊசி தரும் வாட், k என்பது வெப்பக் கடத்துதிறன். இந்தச் சூத்திரத்தில் ஆரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஊசியை மெலிதாக்கினால் மையம் குளிர்ந்துவிடும் என்று நினைப்போம். மீட்டருக்கு அதே வாட் எடுக்கும் வரை குளிராது. பாதை குறைந்த அளவுக்கு வெப்ப அடர்த்தி கூடிவிடுகிறது. மெலிதாக்குவதன் பயன் வேறு: அதே எடை எரிபொருளில் அதிக மீட்டர் ஊசி கிடைக்கும்.

உலையின் மொத்தத் திறன் இந்த மீட்டர் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. கல்பாக்கம் ஈனுலையில் 181 எரிபொருள் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 217 ஊசிகள், ஒவ்வொரு ஊசியிலும் ஒரு மீட்டர் எரிபொருள். மொத்தம் சுமார் 39,000 மீட்டர். வெப்பத் திறன் 1,250 மெகாவாட். வகுத்தால் மீட்டருக்குச் சராசரி 32 கிலோவாட். ஆனால் உச்சமான இடத்தில் 45 கிலோவாட் வரை போகிறது. மொத்த உலையின் திறனையும் கட்டுப்படுத்துவது அந்த ஓர் இடத்து வில்லையின் மையம்தான்.

சரி, கெட்டி ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். யுரேனியம்-புளூட்டோனியம் ஆக்சைடின் உருகுநிலை சுமார் 2,750 டிகிரி செல்சியஸ். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இது மட்பாண்டம் மாதிரி, வெப்பத்தைக் கடத்த மனமில்லாத பொருள். வேலை செய்யும் வெப்பநிலையில் k ஏறக்குறைய 2.5 W/m·K. 45 கிலோவாட்டைப் போட்டால் வித்தியாசம் 1,430 டிகிரி. ஓரத்தில் சரிவு மில்லிமீட்டருக்குச் சுமார் 1,040 டிகிரி! வில்லையின் ஓரம் சுமார் 900 என்று வைத்தால் (உறைக்குழாய்க்கும் வில்லைக்கும் நடுவே உள்ள ஹீலியம் இடைவெளியே 250 டிகிரி போல எடுத்துக்கொள்கிறது), மையம் 2,330. திறன் 15 சதவீதம் எகிறினால் ஓரமும் சேர்ந்து சூடேறி, மையம் 2,590. உருகுநிலைக்கு 160 டிகிரிதான் மிச்சம். வில்லைக்கு வில்லை அளவு மாறும், எரிய எரிய உருகுநிலையும் கடத்துதிறனும் குறையும். அந்த மிச்சத்தை நம்பி உலையை ஓட்ட எனக்கு மனம் வராது. ஆக்சைடு உருகினால் கனஅளவு சுமார் 10 சதவீதம் பெருத்து, உறைக்குழாயை உள்ளிருந்து தள்ளும்.

உருகும் முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அந்தச் சூட்டில் வில்லைக்குள் அடைபட்டிருந்த பிளவு வாயுக்கள் வெளியேறி ஊசிக்குள் அழுத்தத்தை ஏற்றும். நுண்துளைகள் சூடான பக்கத்தை நோக்கி நகர்ந்து மையத்தில் ஒன்றுகூடும். எரிந்த ஊசியைக் கதிர்வீச்சுத் தடுப்புள்ள சூடறையில் குறுக்காக அறுத்துப் பார்த்தால், கெட்டியாகப் போன வில்லையின் நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி ஆரம் திசையில் நீண்ட தூண் போன்ற படிகங்கள். அந்த வில்லை எவ்வளவு சூடு கண்டது என்பதற்கு அந்த வளையமே சாட்சி.

அப்படியானால் துளையை நாமே முதலில் போட்டுவிடலாமே? அதுதான் துளை ஆக்சைடு. உலையைக் குளிரூட்டும் திரவச் சோடியம் துளை வழியாக ஓடுவதில்லை. அது குளிரூட்டும் வழியே அல்ல. வெப்பம் மிக நீண்ட தூரம் கடக்க வேண்டியிருந்த பொருளை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். 5.5 மி.மீ.க்கு 1.8 மி.மீ. என்ற அளவில் ΔT 0.735 மடங்காகிறது. 1,430 என்பது 1,050 ஆகிறது; மையம் 1,950. இதற்குக் கொடுக்கும் விலை, எரிபொருள் கனஅளவில் 10 சதவீதம். வாயு சேரவும் பெருத்த எரிபொருள் உள்பக்கம் விரியவும் துளை இடம் தருவது உபரி லாபம்.

இனி கார்பைடு. யுரேனியம் கார்பைடின் k சுமார் 20. அதே 45 கிலோவாட்டுக்கு வித்தியாசம் 180 டிகிரிதான். புளூட்டோனியம் கூடினால் கடத்துதிறனும் உருகுநிலையும் குறையும். அப்படியும் கடத்துதிறன் ஆக்சைடை விட வெகு மேல். 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்துச் சிறு சோதனை ஈனுலையில் 70 சதவீதம் புளூட்டோனியம் கொண்ட கார்பைடுதான் எரிபொருள். ஆனால் அதைத் தேர்ந்ததற்கு மைய வெப்பநிலை காரணமல்ல. செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. அத்தனை புளூட்டோனியத்தை ஆக்சைடாகப் போட்டால் சோடியத்துடன் ஒத்துப்போகாது. அப்புறம்தான் கார்பைடு வந்தது. முன்னனுபவம் குறைவு என்பதால் மீட்டருக்கு 25 கிலோவாட்டில் தொடங்கி, எரிந்த ஊசிகளைச் சோதித்துச் சோதித்து 40 வரை ஏற்றினார்கள். இங்கே தடை மையம் அல்ல. கார்பைடு அதிகம் வீங்கி உறையை நெருக்கும். அதன் தூள் காற்றில் தீப்பிடிக்கும், எனவே தயாரிப்பு முழுவதும் மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள். சிறு உலைக்கு இது சரி. 39,000 மீட்டர் செய்ய வேண்டிய உலைக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

உலோக எரிபொருளும் வெப்பத்தைக் கடத்துவதில் கார்பைடுக்குச் சளைத்ததல்ல. மையம் பிரச்சினையே இல்லை. ஆனால் யுரேனியம் 1,132 டிகிரியிலேயே உருகிவிடும். அதைவிட முக்கியம், உறைக்குழாயின் இரும்போடு சேர்ந்து அது 725 டிகிரியிலேயே உருகும் கலவையாகிவிடுகிறது. ஈனுலையில் சோடியம் வெளியேறுவதே சுமார் 547 டிகிரியில், உறையின் உள்பக்கம் அதைவிடச் சூடு. ஆக, தடை மையத்திலிருந்து ஓரத்துக்கு இடம் மாறுகிறது. உலோகத்தை விரும்புபவர்கள் அதன் கூடுதல் ஈனும் திறனுக்காக விரும்புகிறார்கள். அது நியாயமான காரணம்.

மின்சாரத்துக்கான முதல் பெரிய ஈனுலைக்கு என் தேர்வு துளை ஆக்சைடுதான். 10 சதவீத எரிபொருளை விட்டுக்கொடுத்து, மையத்தில் ஏறக்குறைய 380 டிகிரி இடைவெளி வாங்கலாம்; தயாரிப்பு முறையும் பழகியது.