எதிராளி எப்போது டிராப் செய்கிறார் என்று பாருங்கள்: ரம்மி ஆப் பற்றி ஓர் எச்சரிக்கை

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலைப் பக்கத்து நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ரம்மி ஆப்பின் லிங்க் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரை மாதாமாதம் மாற்றிக்கொள்கிறார்கள், அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பிளே ஸ்டோரில் கிடைக்காது. ஏஜென்ட் அனுப்பும் ஏபிகே ஃபைலைத்தான் போட வேண்டும். "இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்றது, திறமை ஆட்டம், சூதாட்டம் இல்லை" என்று தமிழிலேயே விளம்பரம் வருகிறது. அதில் நான் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி இழந்தேன். பணம் போனதைவிட, போன விதம்தான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தோற்றவன் எவனும் "ஆப் ஏமாற்றுகிறது" என்றுதான் சொல்வான். எனவே முதலில் எதெல்லாம் ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து மட்டமான சீட்டு வருவது ஆதாரம் இல்லை. வீட்டில் தீபாவளி இரவு ஆடும்போதும் அப்படி வரும். எதிராளி சட்டென்று டிக்ளேர் செய்வதும் ஆதாரம் இல்லை. எல்லா முறையும் ஒரே வேகத்தில் சீட்டு இறக்கினால் அது போட், அதாவது ஆள் இல்லாமல் தானாக ஆடும் புரோகிராம் என்பார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்போது போட் எழுதுகிறவர்கள் இரண்டு நொடி, ஏழு நொடி என்று மாற்றி மாற்றித் தாமதம் வைக்கிறார்கள். சில சமயம் "நெட் போய்விட்டது" என்று காட்டக்கூடச் செய்கிறார்கள்.

என் மச்சான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவர்தான் சந்தேகத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். "மச்சான், உனக்கு என்ன சீட்டு வருதுன்னு பார்க்காதே. அவன் எப்ப ஓடுறான்னு பாரு" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள டிராப் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 13 சீட்டுப் பாயின்ட் ரம்மியில், கை சரியில்லை என்றால் முதல் முறையே விலகிவிடலாம். 20 பாயின்ட்டோடு போகும். ஒரு சீட்டாவது எடுத்து ஆடிவிட்டு விலகினால் 40. கடைசிவரை நின்று, ஜோக்கர் சேராத ஒரே ஜாதித் தொடரான பியூர் சீக்வென்ஸ் இல்லாமல் மாட்டினால் 80 வரை போகும். நான் ஆடிய மேசையில் ஒரு பாயின்ட் 50 காசு. அப்படியானால் முதல் டிராப்புக்கு 10 வெள்ளி, முழு கவுன்ட்டுக்கு 40 வெள்ளி. ஜெயித்த பணத்தில் பத்து விழுக்காடு ஆப் எடுத்துக்கொள்ளும்.

இருவர் ஆடும் மேசை. முதல் முறை எதிராளியுடையது. இந்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது தன் 13 சீட்டு, கட் ஜோக்கர், திறந்து கிடக்கும் ஒரு சீட்டு, இவ்வளவுதான். நான் இன்னும் எதையும் எடுக்கவில்லை, எதையும் போடவில்லை. என் கை நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே அவர் டிராப் செய்வதற்கும் என் கைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. என் கை பிரமாதமாக இருக்கும்போது அவர் எத்தனை தடவை ஓடுகிறாரோ, ஏறக்குறைய அதே அளவு தடவை என் கை குப்பையாக இருக்கும்போதும் ஓட வேண்டும்.

ஒரே ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு. என்னிடம் மூன்று நான்கு ஜோக்கர் வந்துவிட்டால் அவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கும், அதனால் அவர் சற்றுக் கூடுதலாக டிராப் செய்யலாம். ஆனால் இரண்டு கட்டுச் சீட்டில் அந்த வித்தியாசம் சொற்பம்.

சரி, எப்படிச் சோதிப்பது? எதிராளிக்கு முதல் முறை வரும் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். சீட்டு விழுந்தவுடன், அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு நோட்டில் 'நல்லது', 'சுமார்', 'மட்டம்' என்று குறித்துவிடுவேன். பியூர் சீக்வென்ஸ் கையிலேயே இருந்து கூட ஒரு ஜோக்கரும் இருந்தால் நல்லது. சீக்வென்ஸும் இல்லை, ஜோக்கரும் இல்லை என்றால் மட்டம். நடுவில் இருப்பதெல்லாம் சுமார். அவர் டிராப் செய்தாரா இல்லையா என்று அதன் பிறகு எழுதுவேன். இந்த வரிசை முக்கியம். ஆட்டம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால் மனசு தனக்கு வேண்டியபடி எழுதிக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம் என்று பார்த்தால் ஆப் அதைத் தடுத்திருந்தது. வங்கி ஆப்கள் அப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. சீட்டாட்ட ஆப்புக்கு என்ன காரணம் என்று அப்போதே யோசித்தேன்.

பத்து இருபது ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நூறு ஆட்டமாவது சேர வேண்டும், அதுவும் காசு மேசையில், இருப்பதிலேயே குறைந்த பாயின்ட்டில். இலவச மேசையில் சோதித்துப் பயனில்லை. அங்கே ஜெயிக்க விடுவதுதான் அவர்கள் போடும் தூண்டில்.

நோட்டில் சேர்ந்தது இதுதான். என் கை 'நல்லது' என்று எழுதிய ஆட்டங்களில் பத்துக்கு ஏழில் எதிராளி முதல் முறையிலேயே டிராப். 'மட்டம்' என்று எழுதியவற்றில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே ஆள் என்றால் ஏதோ என்று விடலாம். ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு படம். அத்தனை பேரும் என் கையைப் பார்த்த மாதிரியே ஓடுகிறார்கள், நிற்கிறார்கள்.

இதில் பணம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். எனக்கு நல்ல கை வந்தால் அவர் 20 பாயின்ட்டில் தப்பித்துவிடுவார். எனக்குக் கிடைப்பது 10 வெள்ளி, கமிஷன் போக 9. சுமாரான கையை நம்பி நான் ஆடினால், அவர் நிற்கிறார் என்றாலே அவர் கை என்னுடையதைவிட நல்லது என்று அர்த்தம்; 60 பாயின்ட்டில் மாட்டினால் 30 வெள்ளி போகும். மட்டமான கையை நானே டிராப் செய்தால் 10. ஆட்டத்தின் எண்ணிக்கையில் நான் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறேன்! "நிறைய ஜெயிக்கிறேன், ஆனால் பணம் குறைகிறது" என்று யாராவது சொன்னால், உங்கள் ஜெயிப்பெல்லாம் 20 பாயின்ட்டா என்று கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் சான்றிதழ் பேச்சு வரும். ஏஜென்டிடம் கேட்டேன், "எதிராளி டிராப் செய்த கையை ஆட்டம் முடிந்தபின் காட்ட முடியுமா?" "அண்ணே, நம்ம ஆப்புக்கு ஆர்.என்.ஜி. சர்ட்டிபிகேட் இருக்கு" என்று ஒரு படத்தை அனுப்பினார். நான் கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. ஆர்.என்.ஜி. சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும் அது சொல்வது சீட்டு கலைப்பதில் தில்லுமுல்லு இல்லை என்பது மட்டும். கலைத்துப் போட்ட பிறகு சர்வருக்கு எல்லார் கையும் தெரியும், மூடிய கட்டில் அடுத்து என்ன சீட்டு என்பதும் தெரியும். அதை ஒரு போட்டுக்கு எடுத்துக் கொடுக்கிறார்களா என்பதைக் கலைக்கும் முறையை மட்டும் பார்க்கிற சோதனை காட்டாது. சீட்டை ஒழுங்காகக் கலைத்துவிட்டே முழுதாக ஏமாற்றலாம். எனக்கு வந்த படத்தில் ஒரு சோதனைக்கூடத்தின் லோகோ இருந்தது. அதை அழுத்தினால் அந்தக் கூடத்தின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போய், அங்கே இந்த ஆப்பின் பெயர் இருக்க வேண்டும். இது வெறும் படம், எங்கும் போகவில்லை.

சான்றிதழைவிட நான் மதிப்பது ஆட்டப் பதிவு. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் இருவர் கையும், எடுத்ததும் போட்டதும் வரிசையாகப் பார்க்கக் கிடைக்க வேண்டும். இதில் வெறும் பாயின்ட் மட்டும்தான். டிராப் செய்தவருக்கு என்ன சீட்டு இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

'இந்திய அங்கீகாரம்' என்பதற்கும் ஒரு வார்த்தை. காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமை ஆட்டம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து, இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த அங்கீகாரத்தைக் காட்டுகிறவர் பொய் சொல்கிறார். ரம்மி திறமை ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதை விளம்பரத்தில் போடுகிறார்கள். அது செகந்தராபாத் கிளப் ஒன்றில் ஆட்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய வழக்கு. நம் மலேசியாவை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

பணத்தை வெளியே எடுப்பதுதான் அடுத்த கூத்து. மிச்சம் இருந்த தொகையைக் கேட்டதும், "போட்ட தொகையைப் போல் பல மடங்கு ஆடியிருக்கணும்" என்றார்கள். அப்புறம் "வரி கட்டணும், முன்னாடியே பேங்க்-இன் பண்ணுங்க" என்று வந்தது. நான் அனுப்பவில்லை. பணத்தைப் பெற முதலில் பணம் கட்டச் சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். பணம் போட அவர்கள் கொடுத்த கணக்குகளும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனியாள் பெயரில்தான் இருந்தன. கணக்கு எண்ணைக் காவல் துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள், கணக்கு சுத்தம் என்று பொருள் இல்லை.

வழக்குப் போட்டு மீட்கலாம் என்று எண்ணாதீர்கள். 1956 சிவில் சட்டத்தின்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது, அதில் வென்றதைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. தவிர 1953 பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் இருக்கும்போது, புகார் கொடுக்கப் போனால் தாங்களே மாட்டிக்கொள்வோமோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. இவர்கள் தைரியம் அதுதான். ஆனால் 'வரி', 'கட்டணம்' என்று ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐக் கூப்பிடுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ஆடியது பற்றிப் பயம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள்.

கடைசியாக ஐசி. பணம் எடுப்பதற்கு முன் ஐசியின் இரு பக்கமும், ஐசியைப் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் கேட்பார்கள். அனுப்பியவர்கள் ஆப்பை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த ஏபிகேக்கு எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கொடுத்திருந்தால் வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், போனை ஒரு முறை முழுதாக ரீசெட் செய்யுங்கள். பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருந்தால் அதில் தெரியவரும். ஆனால் உங்கள் பெயரில் சும்மா ஒரு கணக்கைத் திறந்து வைத்திருந்தால் அது அதில் வராது, ஆகவே சில மாதங்களுக்கு வங்கியிலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் பிரித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.