பழைய சம்பளம் கண்டுபிடிக்க: கழிப்பதா, வகுப்பதா?

ஆரம்பாக்கத்திலிருந்து எல்லை தாண்டி தடா பக்கம் வேலைக்குப் போகிற ஒருவருக்கு 15% உயர்வுக்குப் பின் சம்பளம் ரூ.20,700. போன வருடம் எவ்வளவு?

பலரும் செய்வது கழித்தல். 20,700-ல் 15% ரூ.3,105, கழித்தால் 17,595. இது தவறு. சரிபார்ப்பது எளிது: 17,595-ஐ 15% கூட்டினால் 20,234.25தான் வருகிறது. உயர்வைக் கணக்கிட்டது பழைய சம்பளத்தின் மேல். நாம் கழிப்பதோ புதியதன் மேல். உண்மையான உயர்வு ரூ.2,700. அந்த உயர்வுக்கும் 15% போட்டு, ரூ.405 கூடுதலாகக் கழித்துவிடுகிறோம்.

வகுத்தல்தான் சரி. பழையது 100 என்றால் புதியது 115. அதனால்:

```
20700 ÷ 1.15 = 18000
```

5% உயர்வில் கழித்தாலும் பிழை பழைய சம்பளத்தில் 0.25%தான், தோராயத்துக்குப் போதும். 15%-க்கு அது 2.25% ஆகிவிடுகிறது, கடன் விண்ணப்பத்தில் அப்படி எழுதக் கூடாது.

வகுத்தலும் ஓரிடத்தில் ஏமாற்றும். உயர்வு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்றால், மொத்தத்தை வகுக்காதீர்கள். அடிப்படை 13,800, மாறாத படிகள் 6,000 என்றால், 13,800-ஐ மட்டும் 1.15-ஆல் வகுத்து, வரும் 12,000-உடன் 6,000 சேர்க்க வேண்டும். பி.எஃப். பிடித்தம் போன பிறகு கைக்கு வரும் தொகையை இதில் எடுக்கவே கூடாது.