எச்சில் சொடுக்கும் கச்சேரி இருமலும்: RX மென்பொருளுடன் ஐந்து ஆண்டுகள்

ஒலிநூல் வாசிப்புகளையும் சில கச்சேரிப் பதிவுகளையும் தொகுத்துக் கொடுக்கும் வேலையில், ஐந்து ஆண்டுகளாக ஒலிப்பதிவைச் சீர்செய்யும் iZotope RX மென்பொருளின் ஸ்பெக்ட்ரல் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். இக்கருவிகள் செய்வது அடிப்படையில் நிரப்பும் வேலை. நாம் குறித்துக் கொடுக்கும் இடத்தில் என்ன ஒலி இருந்திருக்கும் என்பதை, அதன் முன்னும் பின்னும் உள்ள ஒலியிலிருந்து ஊகித்து எழுதுகின்றன. எனவே அக்கம்பக்கத்தில் ஊகத்துக்கு இடமிருக்கிறதா என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

வாய்ச் சொடுக்கில் நான் முதலில் செய்த தவறு இதைத் தெளிவாக்கியது. நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும்போது எழும் அச்சொடுக்கு, காலத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் சில மில்லிவினாடி அகலமுள்ள மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். Mouth De-click தொகுதியின் Sensitivity அளவை உயர்த்தி ஓர் அத்தியாயம் முழுவதையும் அதன் வழியே ஓட்டினேன். சொடுக்குகள் போயின, ஆனால் வாசிப்பவர் துணியால் வாயை மூடிக்கொண்டு பேசுவதைப் போல ஒலித்தது. ‘பக்கம்’, ‘வட்டம்’ போன்ற சொற்களில் காற்று அடைபட்டு வெடிக்கும் அந்தக் கணமும் படத்தில் செங்குத்துக் கோடுதான் என்பதால், வல்லினத்தின் வெடிப்பும் சொடுக்கோடு சேர்ந்து மழுங்கிவிட்டது. Output clicks only என்ற தெரிவை இட்டால் நீக்கப்படும் ஒலியை மட்டும் கேட்கலாம். அதைக் கேட்டு இது எந்தச் சொல் என்று ஊகிக்க முடிந்தால் அளவு மிகை என்பதே இன்றுவரை என் சோதனை.

இப்போது குறைந்த அளவில் ஒருமுறை ஓட்டிவிட்டு, எஞ்சியவற்றைக் கையால் சரிசெய்கிறேன். அதற்கு, படத்தை வரைய மென்பொருள் ஒரு தடவையில் அலசும் ஒலித்துண்டின் நீளமான FFT அளவை 512-க்குக் குறைப்பது முக்கியம். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது ஏறத்தாழ 11 மில்லிவினாடிச் சாளரம். 2048-இல் வைத்தால் சாளரம் 43 மில்லிவினாடியாகி, கோடு இருபுறமும் கசிந்து, எது சொடுக்கு, எது வெடிப்பு என்பதே தெரியாமல் போகும். ‘க்க’வின் அடைப்பு மௌனத்துக்குள் விழுந்த சொடுக்கு திக்கலைப் போலக் கேட்கும், ஆனால் அதன் இருபுறமும் மௌனம் என்பதால், அதை மட்டும் குறித்து Spectral Repair தொகுதியின் Attenuate முறையைக் கிடைத்திசையில் இட்டாலே சுவடின்றி மறைந்துவிடும். சொடுக்கு வெடிப்போடு ஒட்டியிருந்தால் எந்த அளவும் உதவாது. அதே வாசிப்பாளரின் இன்னொரு ‘க்க’வை அருகிலுள்ள வரியிலிருந்து எடுத்து ஒட்டுவதே நல்லது.

இருமல் இதைவிடப் பெரிய சிக்கல். ஒரு கச்சேரிப் பதிவில், ஐந்து கட்டைச் சுருதியில் பாடகி மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்றிருந்தபோது, அவையில் ஒருவர் இருமினார். நீளம் ஏறத்தாழ 0.4 வினாடி. முழுவதையும் ஒரே பெட்டியாகக் குறித்து மாற்றியபோது, அந்த இடத்தில் தம்பூரா மங்கி ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு இருமலை இரண்டாகப் பிரித்தேன். முதல் 40 மில்லிவினாடி வெடிப்பு எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருந்ததால், அதை மட்டும் முழு உயரத்துக்குக் குறித்து, Partials + Noise முறையில் இருபக்கத்துச் சுரக்கோடுகளையும் இணைத்தேன். பின்தொடர்ந்த இரைச்சலுக்கு, அதிர்வெண்கள் தனித்தனியாகத் தெரிவதற்காக FFT அளவை 4096-க்கு உயர்த்தினேன். குரலின் கோடுகள் 392, 784, 1176 ஹெர்ட்ஸ் எனச் சீரான இடைவெளியில் பிரிந்து நின்றன. தம்பூராவின் கோடுகளும் அவற்றுக்கிடையே தெரிந்தன. இந்தக் கோடுகளைத் தொடாமல், இருமல் அடர்ந்திருந்த இடைவெளிகளை மட்டும் குறித்துக் குறைத்தேன். கோடுகளின் மேல் படிந்த இருமலைக் குரலே மூடிவிட்டது. இருபது நிமிட வேலைதான். ஆனால் கார்வை அசையாமல் நின்றதால்தான் அது கைகூடியது.

அதே பதிவில் இன்னோர் இருமல் கம்பித கமகத்தின் நடுவே விழுந்தது. இருபுறமும் தெரியும் கோடுகளை மென்பொருள் இணைத்துவிடும். இடையில் குரல் எத்தனை முறை, எவ்வளவு ஆழமாக அசைந்தது என்பதை அது அறிய வழியில்லை. இணைத்துக் கேட்டபோது அசைவு திடீரென்று தட்டையாகி, இருமலைவிட அதிகமாகக் காதை உறுத்தியது. எனவே நிரப்புவதைக் கைவிட்டு, இருமலின் அடர்ந்த பகுதியை மட்டும் 8 டெசிபெல் தாழ்த்திவிட்டு, இருமல் கேட்கும்படியே அந்தப் பதிவைக் கொடுத்தேன்.