வேட்டிக்கு எந்தக் கஞ்சி: வடிகஞ்சியா, ஜவ்வரிசியா, பாக்கெட் பவுடரா?

வேலூர்ப் பக்கம் போர் தண்ணீரில் துவைக்கிற வீடுகளில் வெள்ளை வேட்டி நாளாக நாளாகச் சாம்பல் பூத்துப் போகும். கட்டி சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து திப்பியாகி நூலில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் போடுகிற கஞ்சி அந்த அழுக்கையும் சேர்த்தே விறைக்க வைக்கும். அதனால் முதலில் வேட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய கஞ்சியை விடவையுங்கள். பிறகு சலவைத் தூளில் துவைத்து, கடைசி அலசலை மட்டுமாவது காவிரித் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ முடியுங்கள்.

வடிகஞ்சிக்குக் காசு செலவில்லை. ஆனால் நம் வீடுகளில் வேகிறது பெரும்பாலும் புழுங்கலரிசி. அந்தக் கஞ்சியே லேசாகப் பழுப்பாக இருக்கும், வேட்டியிலும் அந்தச் சாயல் ஏறும். உலையில் உப்புப் போட்டிருந்தால் இன்னும் மோசம்: உப்பு ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் விறைப்பு தொய்ந்துவிடும். பச்சரிசிக் கஞ்சி என்றால் பரவாயில்லை. அன்றன்றைக்கே போட்டுவிட வேண்டும், புளித்தால் வாடை போகாது.

எங்கள் ஓட்டு ஜவ்வரிசிக்குத்தான். வேகவைத்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், வெள்ளையைக் கெடுக்காது. இரண்டு எட்டு முழ வேட்டிக்கு 25 கிராம் போதும். அரைமணி ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அடிப்பிடிக்காமல் கிளறி, உள்ளே வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேகவிடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, இன்னொரு லிட்டர் பச்சைத் தண்ணீர் விட்டால் நீர்மோர்ப் பதம் வரும். இந்த வடிகட்டலைச் சோம்பலில் விட்டால் கரையில் திட்டுத்திட்டாக வெள்ளை படியும். வேட்டியை ஒட்டப் பிழிந்த பிறகே கஞ்சியில் முக்குங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் கஞ்சி நீர்த்து, ஒரு பக்கம் மொடமொடப்பும் மறுபக்கம் தொளதொளப்புமாகக் காயும்.

பாக்கெட் பவுடர் அவசரத்துக்கு. அடுப்பு வேண்டாம், விலைதான் கூடுதல். கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே வாளியில் ஊற்றவேண்டும்.

வெளுப்புக்கு நீலமா, பிளீச்சிங்கா? நீலம் அழுக்கை எடுக்காது, மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். அதைக் கஞ்சிக்கு முந்தைய தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுப் போடுங்கள். கஞ்சியிலேயே சொட்டினால் கொழகொழப்பில் பரவாமல் மேகம் மேகமாக நிற்கும். பிளீச்சிங் உண்மையிலேயே கறை எடுக்கும், ஆனால் இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் போட்டால் அந்த இரும்பே துருவாகிப் படிந்து வேட்டி மஞ்சளாகிவிடும். சரிகைக் கரை வேட்டிக்கு அது கிட்டவே வரக்கூடாது.

கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டையாகக் காய்ந்துவிடும். அப்படியே இஸ்திரி போட்டால் சுருக்கம் போகாது, சூட்டைக் கூட்டினால் கஞ்சி தீய்ந்து பழுப்பேறும். தண்ணீர் தெளித்துச் சுருட்டி இருபது நிமிடம் வைத்த பிறகு தேய்த்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.