கவனம் சிதறும் பத்து வயதுக்கு செஸ்ஸா, கீபோர்டா?

எங்கள் வீட்டில் கீபோர்டுதான் ஜெயித்தது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். செலவில் செஸ் மலிவு, இடத்தையும் அடைக்காது. அதில் விவாதமே இல்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: கவனம் ஒரு நொடி நழுவினால் பிள்ளை அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது?

செஸ்ஸில் அந்த விலை அதிகம். தொடக்கநிலைப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஆட்டம் ஒன்று உண்டு. வெள்ளை பிஷப் c4 கட்டத்துக்கு வருகிறது, ராணி h5-க்கு வருகிறது. கறுப்பில் ஆடும் பையன் குதிரையை f6-இல் வைத்து ராணியை மிரட்டுகிறான். ராணியைப் பிடிக்கப்போகிறோம் என்ற குஷியில் f7 சிப்பாய் அவன் கண்ணிலேயே படுவதில்லை. அடுத்து ராணி அந்தச் சிப்பாயை வெட்டுகிறது, செக்மேட். இதாவது நாலே நகர்த்தலில் முடிந்துவிடும். முப்பது நகர்த்தல் ஒழுங்காக ஆடிவிட்டு, ஒரே ஒரு முறை யானையைப் பாதுகாப்பில்லாமல் விட்டுத் தோற்பதுதான் பிள்ளைகளை உடைத்துவிடுகிறது. எங்கே தவறினோம் என்பதும் பல நேரம் அவர்களுக்குப் புரிவதில்லை.

கீபோர்டில் தப்பான கட்டையை அழுத்தினால் காது அப்போதே சொல்லிவிடும். பாட்டு நின்றுபோகாது, அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்தால் போதும். கவனம் போவதும் திரும்புவதும் ஒரே நிமிடத்துக்குள் பல தடவை நடக்கும். இந்தப் பழக்கம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொரு முறையும் பாட்டை முதலிலிருந்து தொடங்கும், தெரிந்த பகுதியை வேகமாக வாசிக்கும், அதே இடத்தில் தடுக்கும், மறுபடி முதலுக்கே போகும். தடுக்கும் இடம் நாள்தோறும் மாறாமல் இருந்தால் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இரண்டு தாளச் சுற்று அளவுள்ள துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதலில் வலது கை, பிறகு இடது கை, அதன்பின் இரண்டும் சேர்த்து. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு. தொடர்ந்து மூன்று முறை பிழையில்லாமல் வந்தால் அன்றைக்கு முடிந்தது. பெரும்பாலும் பத்து நிமிடம் ஆகும். தொடக்கத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதற்கு ஆளில்லாத வீட்டில் கீபோர்டு துணி மூடிக் கிடக்கும்.

கீபோர்டுக்குச் சொன்னது வயலினுக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதில் சுருதி நிற்கும் இடத்தை விரலே தேட வேண்டும், காதுக்கு இதமாக ஒலிக்கவே நாளாகும்.

பிள்ளை தானாகவே செஸ் கேட்டால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒரே நகர்த்தலில் செக்மேட் கண்டுபிடிக்கும் புதிர்கள் அவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், ஒவ்வொன்றும் சட்டென்று முடிந்துவிடும். ஃபோனில் ஆடும் மூன்று நிமிட ஆட்டத்தை மட்டும் தள்ளிவையுங்கள். பார்க்கக் கவனம் போலிருக்கும், வளர்வதோ அவசரம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்று வைத்து, ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எங்கே தவறியது என்பதைப் பிறகு அந்தத் தாளில் தேடலாம்.